‘வட்டியில்லை’ என்னும் கடனும் அதன் கெடு நாளும்
(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த வெள்ளி விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். “நம் பிள்ளைகள் சிலர் அமெரிக்க நாட்டிற்கு மேற்படிப்புக்குச் செல்கிறார்கள், நீங்கள் அங்கே பல ஆண்டுகள் கணக்குத் துறையில் பணியாற்றியவர். அங்கே எதில் ஏமாந்து போவார்கள் என்று சொல்லுங்கள், அது போதும்” என்றார். ஆகவே, ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுமையாக விளக்க எண்ணுகிறேன். அமெரிக்கக் கடைகளில் ‘வட்டியில்லை’ என்று கூறித் தரப்படும் ஒரு வகைக் கடனே அது. அதன் பெயர் ‘டெஃபர்டு இன்டரெஸ்ட்’. தமிழில் ‘ஒத்திவைக்கப்பட்ட வட்டி’ எனலாம். வட்டி நீக்கப்பட்டதன்று, ஒத்திதான் வைக்கப்பட்டது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆயினும் கடையின் சுவரில் அந்தப் பெயரை எழுதி வைக்கமாட்டார்கள்.

நான் நன்கறிந்த ஓர் இளைஞரின் கணக்கைக் கொண்டே இதை விளக்குகிறேன். அவர் பெயரும் வேண்டாம். கடையின் பெயரும் வேண்டாம். கணக்கு மட்டும் போதும்.

அவர் நம்மைப் போன்ற குடும்பத்திலிருந்து சென்றவர். வீட்டில் முதல் பட்டதாரி. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து, ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வீட்டிலே படுக்கக் கட்டில் இல்லை. உட்கார நாற்காலி இல்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் மரச்சாமான் கடை ஒன்றுக்குச் சென்று கட்டில், மெத்தை, மேசை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார். மொத்த விலை 1,200 டாலர். கையில் அவ்வளவு பணம் இல்லை. கடைச் சிப்பந்தி, “எங்கள் கடையின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், 12 மாதம் வட்டியில்லை” என்றார். கையெழுத்திடும் பலகையில் ஓர் அறிவிப்பு இருந்தது. ‘நோ இன்டரெஸ்ட் இஃப் பெய்டு இன் ஃபுல் வித்தின் 12 மந்த்ஸ்’ என்பது அதன் வாசகம். 12 மாதத்திற்குள் முழுமையாகச் செலுத்திவிட்டால் வட்டி இல்லை என்பது பொருள். நம் நண்பர் ‘வட்டி இல்லை’ என்பதைப் படித்தார். ‘செலுத்திவிட்டால்’ என்பதைக் கடந்து சென்றார்.

அந்த ‘இஃப்’ என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் விரும்பி அதை அங்கே எழுதவில்லை. இத்தகைய கடனை விளம்பரம் செய்கையில், ‘முழுமையாகச் செலுத்தினால்’ என்ற நிபந்தனையையும் காலவரையறையையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அந்நாட்டுக் கடன் விதிகள் கட்டளையிடுகின்றன. எனவே அந்தச் சொல் ஓர் எச்சரிக்கைப் பலகை. அது இருந்தால், வட்டி எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

உண்மையிலேயே வட்டி இல்லாத கடனும் அங்கே உண்டு. அதை ‘ஜீரோ பர்சென்ட் ஏபிஆர்’ என்று எழுதுவார்கள். ‘இஃப்’ என்ற சொல் அதனோடு வராது. அந்தக் கடனில் 12 மாதம் முடிந்த பிறகு ஏதேனும் பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்கு மட்டும், அந்த நாளிலிருந்து மட்டும் வட்டி ஓடும். கடந்த மாதங்களைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். ஒத்திவைத்த வட்டியோ அப்படியன்று. பொருள் வாங்கிய முதல் நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மாதந்தோறும் அது தனிக்கணக்கில் எழுதப்படுகிறது. கெடு நாளுக்குள் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுவார்கள். ஐந்து டாலர் பாக்கி நின்றாலும், முதல் நாளிலிருந்து எழுதிய வட்டி முழுவதையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிவிடுவார்கள்.

நம் முதியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. குறித்த நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் நிலம் கிரயமாகிவிடும் என்று எழுதி வாங்கும் பத்திரங்களை அவர்கள் அறிவார்கள். எவ்வளவு திருப்பித் தந்தாய் என்பது அங்கே கேள்வியன்று. கெடுவுக்குள் முழுவதும் தந்தாயா என்பதே கேள்வி. இங்கே போவது நிலமன்று, பணம். ஆனால் கெடுவின் இயல்பு ஒன்றே.

இனி, நண்பரின் கணக்குக்கு வருவோம். அவர் பொறுப்பற்றவர் அல்லர். 1,200 டாலரை 12ஆல் வகுத்தார். மாதம் 100 டாலர் வந்தது. ஒவ்வொரு மாதமும் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து 100 டாலர் தானாகவே சென்று சேரும்படி வங்கிக்கு ஆணை கொடுத்துவிட்டு, கவலையற்று இருந்தார். இதில் என்ன பிழை இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். பிழை வகுத்தலில் இல்லை, நாள்காட்டியில் இருந்தது.

12 மாதம் என்பது பொருள் வாங்கிய மார்ச்சு 10ஆம் நாளே தொடங்கிவிட்டது. அது முடியும் நாள் 2023 மார்ச்சு 10. ஆனால் முதல் பட்டியல் அவருக்கு வந்து சேர்ந்து, முதல் தவணை செலுத்த வேண்டிய நாளாகக் குறிக்கப்பட்டதோ 2022 ஏப்ரல் 25. அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் 25ஆம் நாள் தவணை. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 2023 பிப்ரவரி 25ஆம் நாள் செலுத்தியது 11ஆம் தவணை. 12ஆம் தவணைக்குரிய நாள் மார்ச்சு 25. கெடுவோ மார்ச்சு 10. கடைசி 100 டாலர், கெடு முடிந்து 15 நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

அந்த 15 நாளுக்கு என்ன விலை? அந்த அட்டையின் வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காடு. இது மிகையான எடுத்துக்காட்டன்று. அந்நாட்டுக் கடை அட்டைகளில் 30 விழுக்காட்டை ஒட்டியும் அதைத் தாண்டியும் வட்டி விதிப்பது இன்று வழக்கமாக உள்ளது. ஆண்டுக்கு 30 என்றால் மாதத்திற்கு இரண்டரை விழுக்காடு. முதல் ஒன்றரை மாதம் 1,200 டாலருக்கும், பிறகு ஒவ்வொரு மாதமும் 1,100, 1,000, 900 என்று குறைந்துவந்த பாக்கிக்கும், கடைசி அரை மாதம் 100 டாலருக்கும் வட்டியைக் கூட்டினால் மொத்தம் 208 டாலர் 75 சென்ட் ஆகிறது. நாள்தோறும் வட்டிக்கு வட்டி சேர்க்கும் வங்கியானால் இன்னும் சற்று மிகும்.

உண்மையான வட்டியில்லாக் கடனாக இருந்திருந்தால், மீதமிருந்த 100 டாலருக்கு 15 நாளைய வட்டி மட்டுமே வந்திருக்கும். அது 1 டாலர் 25 சென்ட். ஒரே பொருள், ஒரே விலை, ஒரே தவணை, ஒரே தாமதம். ஒன்றில் ஒன்றேகால் டாலர். மற்றொன்றில் ஏறத்தாழ 209 டாலர். இரண்டு கடனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

கேட்டபோது அவர்கள் சொன்ன விடை, “தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ளபடியே செய்திருக்கிறோம்” என்பது. அது பொய்யன்று. அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அவரால் அனுப்ப இயலவில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அந்தப் பணத்தை நம்பியிருந்தது. அட்டையின் பட்டியலில் ஓர் எண்ணாகத் தோன்றியது, இங்கே ஒரு வீட்டில் அபராதக் கட்டணமாக வந்து நின்றது.

அவராவது மாதம் 100 டாலர் செலுத்தினார். பலர் அவ்வாறு செய்வதில்லை. பட்டியலில் ‘குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை’ என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதைச் செலுத்தினால் போதும் என்று எண்ணிவிடுவார்கள். அந்த எண், கெடுவுக்குள் கடனைத் தீர்ப்பதற்காகக் கணக்கிட்ட எண் அன்று. தவணை தவறியவராக உங்களை எழுதாமல் இருப்பதற்கான எண் மட்டுமே. நம் நண்பரின் பட்டியலில் அது 40 டாலர். அதை மட்டும் அவர் ஒழுங்காகச் செலுத்தி வந்திருந்தால், கெடு நாளில் 11 தவணைக்கு 440 டாலர் சேர்ந்திருக்கும். அசலில் பாக்கி 760. ஒத்திவைத்த வட்டி ஏறத்தாழ 300 டாலர். ஆக மொத்தக் கடன் 1,060. ஓராண்டு காலம் ஒரு தவணையும் தவறாமல் 440 டாலர் செலுத்தியவருக்கு, கடன் குறைந்தது 140 டாலர் மட்டுமே. அந்த 1,060 டாலருக்கு மறுநாளிலிருந்து 30 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கும்.

இன்னொரு கண்ணியையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரே அட்டையில் பிறகு வேறு பொருளும் வாங்குவது அது. கட்டில் வாங்கிய அட்டையிலேயே சில மாதம் கழித்து 300 டாலருக்குச் சாதாரணக் கடனாக வேறு சாமான் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் புதிய கடனுக்கு உடனடியாக 30 விழுக்காடு வட்டி உண்டு. இப்போது நீங்கள் செலுத்தும் 100 டாலர் எந்தக் கணக்கில் வரவாகும்? 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அட்டைக் கடன் சட்டத்தின்படி, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் செலுத்துவது, உயர்ந்த வட்டி ஓடும் பாக்கிக்கே முதலில் செல்ல வேண்டும். நுகர்வோரைக் காப்பதற்கென்றே செய்த விதி அது. ஆனால் இங்கே அதன் விளைவு என்ன? 40 டாலர் கட்டில் கணக்கில் வரவானாலும், மீதி 60 டாலர் புதிய சாமானின் கணக்குக்குப் போய்விடும். கட்டில் கடன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அது பாதி வேகத்திலும் நகராது.

இதை உணர்ந்துதான், கெடுவுக்கு முந்திய கடைசி இரண்டு பட்டியல் காலங்களில், குறைந்தபட்சத்திற்கு மேற்பட்ட தொகை ஒத்திவைத்த வட்டிக் கடனுக்கே முதலில் செல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நல்ல விதி. ஆயினும் இரண்டு மாதத்தில் அடைக்கக்கூடிய பாக்கி நின்றால்தான் அதனால் பயன். ஆகவே நான் சொல்வது எளிது: அப்படி ஒரு கடன் நிற்கும் அட்டையில், அது தீரும் வரை வேறு எதையும் வாங்காதீர்கள்.

இந்தக் கடன் மரச்சாமான் கடையோடு நிற்பதன்று. தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, நகை ஆகியவற்றை விற்கும் கடைகளிலும் உண்டு. பல் மருத்துவரிடமும் உண்டு. பல்வலியோடு நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம், மருத்துவரின் உதவியாளரே அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தருவார். ‘கேர்கிரெடிட்’ என்னும் மருத்துவக் கடன் அட்டையின் செய்தி இதற்குச் சான்று. அதில் சலுகைக் காலத்தில் ஒத்திவைக்கப்பட்ட வட்டி அப்போது 26.99 விழுக்காடாக இருந்தது. வட்டியில்லாக் கடன் என்றே எண்ணிப் பலர் அதில் சேர்ந்தனர். நிபந்தனை அவர்களுக்குத் தக்கவாறு விளக்கப்படவில்லை. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, 2013 டிசம்பரில், 3 கோடியே 41 லட்சம் டாலர் வரை நுகர்வோருக்குத் திருப்பித் தருமாறு அந்நிறுவனத்திற்கு ஆணையிட்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். தண்டனைக்குரியதாகக் கொள்ளப்பட்டது விளக்காமல் விற்றதுதான். அத்தகைய கடனைக் கொடுப்பதை அந்த ஆணை தடை செய்யவில்லை. விளக்கிச் சொல்லிவிட்டு விற்றால் அது சட்டப்படியான வணிகமே. ஆகவே சட்டம் வந்து காக்கும் என்று இராமல், கணக்கை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? மாதந்தோறும் வரும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டியைத் தவிர்க்க எந்த நாளுக்குள் முழுவதும் செலுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு பட்டியலிலும் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த நாளைத் தேடிக் கண்டுபிடித்து வட்டமிடுங்கள். அது தவணை நாளிலிருந்து வேறுபட்டது என்பதை மறவாதீர்கள். பெரும்பாலான பட்டியல்களில், இதுவரை சேர்ந்துள்ள ஒத்திவைத்த வட்டியும் ஒரு மூலையில் காணப்படும். நம் நண்பரின் கணக்கில் முதல் மாதமே அது 30 டாலராகியிருக்கும். ‘வட்டியில்லை’ என்ற கடனில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்டிருந்தால், மீதிப் பதினொரு மாதமும் அவர் விழிப்பாக இருந்திருப்பார்.

அடுத்து, கெடு நாளுக்கு முன்பாக எத்தனை தவணை நாட்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். அவருக்கு வந்தவை 11. அதில் ஒன்றைக் கழித்துவிடுங்கள், 10 நிற்கும். 1,200ஐ 10ஆல் வகுத்தால் மாதம் 120 டாலர். அவர் 100க்குப் பதில் 120 செலுத்தியிருந்தால், 2023 சனவரி 25ஆம் நாளே கடன் தீர்ந்திருக்கும். ஒரு தவணையை ஏன் கழிக்கச் சொன்னேன்? அந்தப் பதினோராம் தவணை நாள், பணம் செலுத்துவதற்கன்று; பாக்கி சுழியம் என்று பட்டியலிலே கண்ணால் பார்ப்பதற்கு. ஏதேனும் சில்லறை பாக்கி நின்றால் தீர்ப்பதற்கும் அப்போது நாள் இருக்கும்.

தவணையைத் தாமதமாகச் செலுத்துவதிலும் ஓர் எல்லை உண்டு. 60 நாளுக்கு மேல் தாமதித்தால், கெடு நாள் வருமுன்பே சலுகையை நீக்கி வட்டி முழுவதையும் சேர்க்க வங்கிக்கு உரிமை உண்டு. சில நாள் தாமதத்திற்கு அந்த உரிமை இல்லை. தாமதக் கட்டணம் மட்டும் விதிக்கலாம். கெடு தவறிப் போய்விட்டால் உடனே வங்கியோடு பேசுங்கள். முதல் தவறு என்று கருணை காட்டிச் சில வேளை வட்டியைத் தள்ளுபடி செய்வதுண்டு. அது அவர்களின் விருப்பம், நம் உரிமையன்று. தள்ளுபடி கிடைக்கவில்லையானால், வட்டி சேர்ந்த அந்தப் பாக்கியை முதலில் அடைத்துவிட வேண்டும். அதன் மேலும் அதே வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் இந்தக் கடனை வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். விலை முழுவதும் கையிலே இருந்து, அதை ஓராண்டு வைத்திருக்க விரும்புகிறவருக்கு இதில் தீங்கில்லை. மாதம் 120 டாலர் உறுதியாக ஒதுக்க இயலும் என்பவருக்கும் தீங்கில்லை. ‘எப்படியும் சமாளிக்கலாம்’ என்ற எண்ணத்தோடு கையெழுத்திடுகிறவருக்கே தீங்கு. வேலை போகலாம், ஊரிலே மருத்துவச் செலவு வரலாம். அத்தகைய ஒரு மாதத்தைத் தாங்கும் இடைவெளி இந்தக் கடனில் இல்லை.

நம் நாட்டிலும் ‘சுழிய வட்டி’த் தவணைகள் விற்கப்படுகின்றன. அவற்றின் அமைப்பு வேறு. இங்கே வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணமாகவோ, ரொக்கத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடியை மறுப்பதாகவோ முன்கூட்டியே உருமாறி நிற்கும். 2013 செப்டம்பரில் பாரத ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு விடுத்த சுற்றறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டி, சுழிய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்னும் கருத்தை வெளியிட்டது. அமெரிக்கக் கடனில் வட்டி பின்னால் ஒளிந்திருக்கிறது. இங்கே முன்னால் ஒளிந்திருக்கிறது என்று நினைவு கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. நம் நண்பர் இந்த இழப்பை ஈராண்டு காலம் எவரிடமும் கூறவில்லை. “படித்தவன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?” என்றார். அவர் வாய்மூடியிருந்த காலத்தில், அவரோடு தங்கியிருந்த மற்றோர் இளைஞர் அதே கடையில் அதே அட்டையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். முன்னவர் சொல்லியிருந்தால் பின்னவர் ‘இஃப்’ என்ற சொல்லைக் கண்டிருப்பார். தம் கணக்கை இங்கே சொல்லலாம் என்று அவரே எனக்கு அனுமதி தந்ததனால்தான் இன்று சொல்கிறேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐயுறுகிறவர், கெடு நாளுக்கு முன்பே நம் கழகத்தில் ஒருவரிடம் காட்டிக் கேட்கட்டும். கெடுவுக்கு முந்திய நாள் கேட்டாலும் பயனுண்டு. மறுநாள் கேட்டால் 209 டாலர்.